ரிமோட்டில் டைப் செய்வது: எங்கே தவிர்க்கலாம், எங்கே முடியாது

கேள்வி: புதுசா ஸ்மார்ட் டிவி வாங்கியிருக்கோம். வைஃபை பாஸ்வேர்டு, ஆப் லாகின், தேடல்னு எல்லாத்துக்கும் ரிமோட்டை வெச்சு ஒவ்வொரு எழுத்தா தேடி அடிக்க வேண்டியிருக்கு. மைக் பட்டனை அழுத்தினா ஒண்ணும் நடக்கலை. போன்ல இருந்தே டைப் பண்ணலாம்னு சொல்றாங்க, ஆனா என் போன் டிவியைக் கண்டுபிடிக்கவே மாட்டேங்குது. எதுதான் சுலபமான வழி?

பதில்: நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று விதமான வேலைகள். ஒரே வழியை மூன்றுக்கும் தேடினால் எங்காவது முட்டிக்கொண்டு நிற்கும். வைஃபை பாஸ்வேர்டு கேட்கும்போது டிவி இன்னும் நெட்டில் சேர்ந்திருக்காது, அதனால் போன் செயலி அங்கே பெரும்பாலும் கைகொடுக்காது. லாகினுக்கு அநேகமாக டைப் செய்யவே தேவையில்லை. தேடலுக்கு மைக் அருமையானது, பாஸ்வேர்டுக்கு அது ஆகாது. டிவி செயலிகளுக்குத் திரை வடிவமைக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன், அந்த அனுபவத்தில் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். டிவி எந்த கம்பெனி என்று நீங்கள் குறிப்பிடவில்லை. அதனால் மெனுவின் பெயர்கள் உங்கள் டிவியில் கொஞ்சம் மாறி இருக்கலாம், அடிப்படை மாறாது.

முதலில், ரிமோட்டில் நேரம் எங்கே போகிறது என்று பார்ப்போம். நேரத்தை விழுங்குவது எழுத்து இல்லை, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் கர்சர் நடக்கும் தூரம். கம்ப்யூட்டர் கீபோர்டு மாதிரி qwerty வரிசையில் அமைந்த திரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேல் வரிசையில் பத்து எழுத்து, அடுத்ததில் ஒன்பது, மூன்றாவது வரிசையின் இடது மூலையில் ஷிஃப்ட், அதன் பக்கத்திலிருந்து z முதல் m வரை, அதற்கும் கீழே இடது மூலையில் எண்களுக்கும் குறிகளுக்குமான ?123 கட்டம். கர்சர் q மேல் நிற்கிறது, tamil என்று அடிக்க வேண்டும். q-விலிருந்து t-க்கு நான்கு நகர்வு. t-யிலிருந்து a-வுக்கு ஐந்து. a-விலிருந்து m-க்கு எட்டு. m-லிருந்து i-க்கு இரண்டு, அங்கிருந்து l-க்கு இரண்டு. ஆக 21 நகர்வு, ஐந்து ஓகே, மொத்தம் 26 அழுத்தல். ஐந்தெழுத்துச் சொல்லுக்கு இவ்வளவு.

இதையே ஒரு பாஸ்வேர்டாக மாற்றிப் பாருங்கள்: Tamil@77. முதல் எழுத்தைப் பெரியதாக்க ஷிஃப்ட்டுக்குப் போய் ஓகே கொடுத்து, அங்கிருந்து t-க்கு ஏறி வர வேண்டும். அந்த ஒரு பெரிய எழுத்தால் மட்டும் ஐந்து அழுத்தல் கூடி, 26 என்பது 31 ஆகிறது. பிறகு l-லிருந்து இடது கீழ் மூலையில் உள்ள ?123-க்குப் போகப் பத்து நகர்வு, ஒரு ஓகே. குறிகளின் பக்கத்தில் @ இரண்டாவது வரிசையின் தொடக்கத்திலும் எண்கள் முதல் வரிசையிலும் இருந்தால், @-க்கு மூன்று, முதல் 7-க்கு எட்டு, இரண்டாவது 7-க்கு ஒன்று. மொத்தம் 54. அதில் கடைசி மூன்று எழுத்துக்கு மட்டும் 23! பாஸ்வேர்டு அடிப்பது ஏன் இவ்வளவு கொடுமையாக இருக்கிறது என்பதற்கு விடை இதுதான். கம்ப்யூட்டரில் பெரிய எழுத்தும் குறியும் ஏறத்தாழ மற்ற எழுத்துகளின் செலவுதான், ரிமோட்டில் அவைதான் பெருஞ்செலவு. (இந்த எடுத்துக்காட்டை உங்கள் பாஸ்வேர்டாக வைத்துவிடாதீர்கள், நொடியில் ஊகித்துவிடக்கூடியது.)

சில செயலிகளில் a முதல் f வரை ஒரு வரிசை, g முதல் l வரை அடுத்த வரிசை என்று ஆறாறாக அகர வரிசையில் இருக்கும். பலருக்கு இதைப் பார்த்தாலே எரிச்சல் வரும், qwerty பழகிய கண் அதில் எழுத்தைத் தேடி அலையும். ஆனால் அம்புக்குறிகளால் நகரும்போது அது அவ்வளவு மோசமில்லை. அதே tamil அங்கே a-விலிருந்து தொடங்கினால் 21 அழுத்தலில் முடிகிறது, ஏனென்றால் ஆறுக்கு ஆறு என்ற சதுரத்தில் எந்த எழுத்துக்கும் தூரம் குறைவு. பத்து விரலால் அடிக்கப் பழகிய வரிசை, ஒற்றைக் கர்சரை நகர்த்துவதற்கும் உகந்ததாக இருக்கும் என்று சொல்ல முடியாது. உங்கள் டிவி இரண்டு வகையும் தந்தால் இரண்டையும் முயன்று பாருங்கள்.

சரி, இப்போது வைஃபை பாஸ்வேர்டு. புது டிவியை முதன்முதலில் அமைக்கும்போது போனின் உதவி கிடைக்கும் டிவிகளும் உண்டு. கூகுள் டிவி வகையில் தொடக்கத் திரையிலேயே ஒரு கியூஆர் குறியீடு வரும், அதைப் போனில் உள்ள கூகுள் ஹோம் செயலியால் ஸ்கேன் செய்தால் வைஃபை விவரமும் கணக்கும் சேர்ந்தே டிவிக்குப் போய்விடும். ஆப்பிள் டிவி பெட்டியில் ஐபோனைப் பக்கத்தில் கொண்டுவந்தால் போதும். இவை ப்ளூடூத் போன்ற நேரடி இணைப்பில் பேசிக்கொள்வதால், டிவி வைஃபையில் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். அந்தத் திரை வரும்போது பலர் அவசரத்தில் ரிமோட்டாலேயே அமைக்கும் வழியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள், பிறகு பாஸ்வேர்டோடு மல்லுக்கட்டுகிறார்கள். நீங்களும் அப்படிக் கடந்து வந்திருக்கலாம்.

அந்த வசதி இல்லாத டிவிகளில் மூன்று வழி இருக்கிறது. ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளைத் தற்காலிகமாக டிவியில் செருகலாம். கேபிள் வழியாக டிவி நெட்டில் சேர்ந்ததும் போன் கீபோர்டு வேலை செய்ய ஆரம்பிக்கும், அதை வைத்து வைஃபை பாஸ்வேர்டை அடித்துவிட்டுக் கேபிளைக் கழற்றலாம். அல்லது ரவுட்டரில் WPS என்ற பட்டன் இருந்து, டிவியின் நெட்வொர்க் மெனுவிலும் அதே பெயரில் ஒரு தேர்வு இருந்தால், ஒன்றை அழுத்திய இரண்டு நிமிடத்துக்குள் மற்றதையும் அழுத்தினால் பாஸ்வேர்டு இல்லாமலே சேர்ந்துவிடும். எல்லா டிவியிலும் இது கிடையாது, WPA3 என்ற புதிய பாதுகாப்பு முறை மட்டும் என்று அமைத்த வைஃபையிலும் இது செல்லாது. WPS-இல் பட்டன் முறையைத் தவிர எட்டு இலக்க பின் முறை ஒன்றும் உண்டு. 2011-இல் அதன் ஓட்டை வெளியே வந்தது: அதிகபட்சம் 11,000 முயற்சிக்குள் அந்த பின்னைக் கண்டுபிடித்துவிடலாம். ரவுட்டரில் பின் முறை இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள்.

மூன்றாவது வழிதான் நான் அதிகம் பரிந்துரைப்பது. வைஃபை பாஸ்வேர்டையே ரிமோட்டுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம். பெரிய எழுத்தும் குறியும் கலந்தால்தான் பாஸ்வேர்டு பலமாக இருக்கும் என்று எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. பலம் வருவது எத்தனை விதமாக அமைந்திருக்கலாம் என்ற எண்ணிக்கையிலிருந்து. கீபோர்டில் உள்ள 94 எழுத்து, எண், குறிகளிலிருந்தும் தாறுமாறாக எடுத்த 12 இடமுள்ள பாஸ்வேர்டும், சிறிய எழுத்து 26-லிருந்து மட்டும் தாறுமாறாக எடுத்த 17 இடமுள்ள பாஸ்வேர்டும் ஏறத்தாழ ஒரே பலம். வெறும் எண்களில் அதே பலம் வேண்டுமென்றால் 24 இலக்கம். வைஃபை பாஸ்வேர்டு 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம், ஆகவே இடத்துக்குப் பஞ்சமில்லை.

உங்கள் ரிமோட்டில் 0 முதல் 9 வரை எண் பட்டன்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், பாஸ்வேர்டுக் கட்டத்தில் நின்றபடி ஒரு எண்ணை அழுத்திப் பாருங்கள். நேராக உள்ளே விழுந்தால், 24 இலக்கத்துக்கு 24 அழுத்தல், கர்சரை நகர்த்தவே வேண்டாம். மேலே பார்த்த எட்டெழுத்துப் பாஸ்வேர்டின் பாதியைக்கூட எட்டவில்லை, பலமோ அதைவிடப் பல மடங்கு. எண் பட்டன் இல்லாத ஒல்லி ரிமோட் என்றால் கணக்கு மாறும். அங்கே எண்களையும் திரையில்தான் தேட வேண்டும், ஒரே வரிசையில் பத்து எண் இருந்தால் சராசரியாக ஓர் எண்ணுக்கு நான்கைந்து அழுத்தல். அந்த நிலையில் 17 சிறிய எழுத்தே மேல். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: தாறுமாறாக என்றால் நிஜமாகவே தாறுமாறாக. போன் நம்பரை இரண்டு முறை எழுதுவதும், பிறந்த தேதிகளை வரிசையாக அடுக்குவதும் 24 இலக்கமாக இருந்தாலும் பலம் ஆகாது. வைஃபை இணைப்பு ஏற்படும் நேரத்தில் பறக்கும் தகவலை ஒருவர் பிடித்துவைத்துக்கொண்டு, சாவகாசமாகத் தன் கம்ப்யூட்டரில் கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்க முடியும் என்பதால் இந்த எச்சரிக்கை.

பாஸ்வேர்டை மாற்றினால் வீட்டிலுள்ள மற்ற எல்லாக் கருவியிலும் மாற்ற வேண்டுமே என்று டிவிக்கு மட்டும் ரவுட்டரில் ஒரு கெஸ்ட் நெட்வொர்க் உண்டாக்கிவிடலாம் என்று தோன்றும். தோன்றுவது இயல்பு, ஆனால் அங்கேதான் அடுத்த தலைவலி. கெஸ்ட் நெட்வொர்க்கில் உள்ள கருவி, முக்கிய நெட்வொர்க்கில் உள்ளதைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே அது படைக்கப்பட்டது. டிவி அதில் இருந்தால் உங்கள் போன் அதை ஒருநாளும் கண்டுபிடிக்காது.

உங்கள் போனுக்கு டிவி தெரியாததற்கும் இதே வகைக் காரணம் இருக்க வாய்ப்பு அதிகம். போன் செயலி டிவியைத் தேடும்போது, ‘இங்கே யாராவது டிவி இருக்கிறீர்களா’ என்று உள் நெட்வொர்க் முழுவதற்கும் ஒரு அறிவிப்பை அனுப்பும், டிவி பதில் சொல்லும். இந்த அறிவிப்பு ஒரு நெட்வொர்க்கின் எல்லையைத் தாண்டாது. ஆகவே இந்த வரிசையில் சரிபாருங்கள். போன் மொபைல் டேட்டாவில் இல்லாமல் வைஃபையில் இருக்கிறதா? போனில் விபிஎன் ஓடுகிறதா? ஓடினால் நிறுத்துங்கள். டிவியின் நெட்வொர்க் மெனுவில் தெரியும் ஐபி முகவரியையும் போனின் வைஃபை விவரத்தில் தெரியும் ஐபி முகவரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டிவியில் 192.168.1.20, போனில் 192.168.1.35 என்று முதல் மூன்று பகுதியும் ஒத்திருந்தால் வீட்டு ரவுட்டரில் பெரும்பாலும் ஒரே நெட்வொர்க்தான். டிவியில் 192.168.1.20, போனில் 192.168.0.35 என்றிருந்தால் பெரும்பாலும் நடுவில் இரண்டாவது ரவுட்டர் ஒன்று தனி நெட்வொர்க்கை நடத்திக்கொண்டிருக்கிறது. வைஃபை தூரம் போதவில்லை என்று இன்னொரு ரவுட்டர் வாங்கி மாட்டிய வீடுகளில் இது சகஜம். அதை, தனி நெட்வொர்க் நடத்தாமல் முதல் ரவுட்டரின் நெட்வொர்க்கையே நீட்டித் தரும் ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றினால் தீரும்.

எண்கள் ஒத்திருந்தும் தெரியவில்லையா? ரவுட்டரின் வைஃபை அமைப்பில் AP isolation அல்லது client isolation என்று ஒரு தேர்வு இருக்கும். அது இயங்கினால் ஒரே வைஃபையில் உள்ள கருவிகளும் ஒன்றையொன்று பார்க்க முடியாது, ஒவ்வொன்றும் நெட்டுக்கு மட்டும் போய்வரும். அதை அணையுங்கள். விடுதி, மாணவர் தங்குமிடம் போன்ற பொது வைஃபையில் இது வேண்டுமென்றே போட்டிருக்கும், அங்கே நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. பலர் சொல்லும் இன்னொரு காரணம், போன் 5 கிகாஹெர்ட்ஸிலும் டிவி 2.4-லும் இருப்பது. ஒரே ரவுட்டரின் இரண்டு அலைவரிசை என்றால் அது பொதுவாகத் தடையே இல்லை. அதை மாற்றுவதில் நேரம் செலவழிக்கும் முன் மேலே சொன்னவற்றைப் பாருங்கள். ஐபோன் என்றால் கூடுதலாக ஒன்று: செயலியை முதன்முறை திறந்தபோது உள் நெட்வொர்க்கில் கருவிகளைத் தேட அனுமதி கேட்டிருக்கும். அப்போது வேண்டாம் என்று சொல்லியிருந்தால் போனின் அமைப்புகளில் அந்தச் செயலிக்கு Local Network அனுமதியைத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

தெரிந்துவிட்டது என்றால் மீதி எளிது. கூகுள் டிவி, ஆண்ட்ராய்டு டிவி வகைக்குப் போனில் கூகுள் டிவி செயலி, அதில் ரிமோட் பட்டன். ஃபயர் டிவிக்கு அதன் பெயரிலேயே செயலி. சாம்சங்குக்கு ஸ்மார்ட்திங்ஸ், எல்ஜிக்கு திங்க்யூ. ஐபோனிலேயே ஆப்பிள் டிவிக்கான ரிமோட் இருக்கிறது, தனியாக எதுவும் இறக்க வேண்டாம். முதல் இணைப்பின்போது டிவித் திரையில் ஒரு குறியீடு வரும், அதைப் போனில் அடித்து உறுதி செய்யச் சொல்வது வழக்கம். அதன்பிறகு டிவியில் எழுத்துக் கட்டம் திறந்ததும் போனில் கீபோர்டு வரும் அல்லது கீபோர்டு சின்னத்தைத் தொட வேண்டும். இதன் பெரிய லாபம் வேகம் மட்டும் இல்லை. பாஸ்வேர்டு மேனேஜரில் வைத்திருக்கும் நீளமான பாஸ்வேர்டைக் காப்பி செய்து போனில் ஒட்டினால் அப்படியே டிவிக்குப் போய்விடும். ஒட்டும்போது இரண்டு விஷயம் சறுக்கும்: போன் கீபோர்டு முதல் எழுத்தைத் தானாகப் பெரியதாக்குவது, கடைசியில் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொள்வது. ‘பாஸ்வேர்டு தவறு’ என்று வந்தால் உடனே திரும்ப அடிக்காமல், டிவியில் கண் சின்னம் இருந்தால் அதை அழுத்தி முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் பாருங்கள்.

போன் இணைந்தும் சில செயலிகளுக்குள் மட்டும் போன் கீபோர்டு வேலை செய்யாமல் போகலாம். உங்கள் போனில் கோளாறு என்று எண்ண வேண்டாம். சில வீடியோ செயலிகள் டிவியின் பொதுவான கீபோர்டைப் பயன்படுத்தாமல் தாங்களே ஒரு எழுத்துக் கட்டத்தை வரைந்துகொள்கின்றன, எல்லா கம்பெனி டிவியிலும் ஒரே தோற்றம் வேண்டும் என்பதற்காக. டிவியைப் பொறுத்தவரை அங்கே எழுத்துப் பெட்டியே திறக்கவில்லை, வெறும் படங்களின் மேல் கர்சர் நகர்கிறது, அவ்வளவுதான். அதனால் போனுக்கும் தகவல் போவதில்லை. எளிதாகக் கண்டுபிடிக்கலாம்: டிவியின் முகப்புத் தேடலில் வரும் கீபோர்டும் செயலிக்குள் வரும் கீபோர்டும் வேறு வேறு தோற்றத்தில் இருந்தால், செயலியுடையது தனி. அங்கே அந்தச் செயலியின் போன் வடிவத்தைப் பயன்படுத்துவதே சுருக்கு வழி. யூடியூப் என்றால் போனிலுள்ள யூடியூபை டிவியோடு இணைத்துவிட்டு, போனில் தேடி டிவியில் ஓட விடலாம். போனும் டிவியும் ஒரே நெட்வொர்க்கில் இல்லாவிட்டாலும் டிவியின் யூடியூப் அமைப்புகளில் Link with TV code என்பதில் வரும் எண்ணைப் போன் யூடியூபில் அடித்தால் இணைந்துவிடும்.

லாகினுக்கு வருவோம். இன்றைய பெரிய செயலிகள் பெரும்பாலும் திரையில் ஒரு சிறு குறியீட்டையும் ஒரு இணைய முகவரியையும், கூடவே கியூஆர் படத்தையும் காட்டும். போனில் அந்த முகவரியைத் திறந்து குறியீட்டை அடித்து அனுமதித்தால் டிவி தானாக உள்ளே போய்விடும். டிவியில் ஒரு எழுத்துகூட அடிக்க வேண்டாம், பாஸ்வேர்டு டிவிக்குள் போகவும் இல்லை. இதற்கு RFC 8628 என்று 2019-இல் வெளியான ஒரு பொதுத் தரநிர்ணயமே இருக்கிறது, டைப் செய்யச் சிரமமான கருவிகளுக்கென்றே எழுதப்பட்டது. அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, குறியீட்டுக்கு எந்த எழுத்துகளை எடுக்கலாம் என்பது. எடுத்துக்காட்டாக WDJB-MJHT என்று போட்டிருப்பார்கள். a, e, i, o, u ஐந்தையும் விட்டுவிடச் சொல்கிறது, தற்செயலாகக்கூட ஏதாவது சொல் உருவாகிவிடக் கூடாது என்பதற்காக. அதிலேயே இன்னொரு லாபம்: o-வும் i-யும் இல்லை, எண்களும் இல்லை என்பதால் பூஜ்யமா ஓ-வா, ஒன்றா ஐ-யா என்ற குழப்பமும் இல்லை. எல்லா நிறுவனமும் இந்த யோசனையைப் பின்பற்றுவதில்லை, சிலர் வெறும் எண்களைத் தருகிறார்கள்.

குறியீடு சில நிமிடங்களில் காலாவதியாகும். போனில் ‘செல்லாது’ என்று வந்தால் டிவியில் பின்னால் போய்த் திரும்ப உள்ளே வாருங்கள், புதிய குறியீடு வரும். இந்த முறையில் ஒரே ஒரு ஆபத்து இருக்கிறது, அதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். குறியீட்டை யார் கேட்டார்களோ, அவர்களுடைய கருவிதான் உங்கள் கணக்குக்குள் போகும். யாராவது போனிலோ செய்தியிலோ ஒரு குறியீட்டைச் சொல்லி அதை அடிக்கச் சொன்னால், அடித்த கணத்தில் அவருடைய டிவி உங்கள் கணக்கில் உட்கார்ந்துவிடும். உங்கள் கண்ணெதிரே, உங்கள் திரையில் தெரியும் குறியீட்டை மட்டும் அடியுங்கள். முகவரியையும் டிவித் திரையில் உள்ளபடி நீங்களே போனில் அடியுங்கள். தேடுபொறியில் தேடி வரும் முதல் இணைப்பைத் தொட்டால், அது போலித் தளமாக இருக்கக்கூடும்.

அப்புறம் அந்த மைக் பட்டன். ஸ்மார்ட் டிவி ரிமோட்டுகளில் பல இரண்டு விதமாகப் பேசும். பவர், ஒலி போன்ற சில பட்டன்கள் அகச்சிவப்பு ஒளியில் போகும், அதற்கு எந்த இணைப்பும் தேவையில்லை, பேட்டரி போட்டதும் வேலை செய்யும். குரல் அப்படிப் போகாது, ப்ளூடூத்தில்தான் போகும், அதற்கு ரிமோட்டை டிவியோடு இணைத்திருக்க வேண்டும். முதல் அமைப்பின்போது அந்தக் கட்டத்தைத் தவிர்த்திருந்தால் ரிமோட்டில் மற்ற எல்லாம் நன்றாக நடக்கும், மைக் மட்டும் ஊமையாக இருக்கும். நீங்கள் சொல்வது அப்படியே இதுதான் என்று நினைக்கிறேன். சோதித்துப் பார்க்க ஒரு வழி: ரிமோட்டின் முன் முனையைக் கையால் நன்றாக மூடிக்கொண்டு அம்புக்குறியை அழுத்துங்கள். கர்சர் நகர்ந்தால் ப்ளூடூத் இணைப்பு இருக்கிறது. நகராவிட்டால் ஒளியில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. போனின் முன்பக்க கேமராவில் ரிமோட்டின் முனையைப் பார்த்தபடி அழுத்தினாலும், பல போன்களில் அந்த ஒளி வெளிர் ஊதாப் புள்ளியாக மின்னுவது தெரியும்.

இணைப்பதற்கு, கூகுள் டிவி வகையில் அமைப்புகளில் Remotes & Accessories என்ற பகுதிக்குப் போக வேண்டும். ஃபயர் டிவி ரிமோட்டில் ஹோம் பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். சாம்சங் ஸ்மார்ட் ரிமோட்டில் பின்செல்லும் பட்டனையும் ப்ளே பட்டனையும் சேர்த்து மூன்று வினாடிக்கு மேல் பிடிக்க வேண்டும். இணைத்தும் பேசவில்லை என்றால் இரண்டு இடம் பாருங்கள். டிவியின் தனியுரிமை அமைப்பில் மைக் அனுமதி அணைந்திருக்கலாம், அல்லது டிவியில் கணக்கு எதுவும் லாகின் ஆகாமல் இருக்கலாம். பேசிய ஒலி பொதுவாக நெட் வழியாகப் போய்த்தான் எழுத்தாகத் திரும்பி வரும், ஆகவே நெட் இல்லாத நேரத்தில் மைக்கை நம்ப முடியாது.

குரல் எங்கே பலம் என்றால், அகராதியில் உள்ள சொற்களிலும் பரவலாகத் தெரிந்த பெயர்களிலும். எங்கே பலவீனம் என்றால், எழுத்துக்கு எழுத்து சரியாக வர வேண்டிய எதிலும். மின்னஞ்சல் முகவரியைச் சொன்னால் நடுவில் ஸ்பேஸ் போடும், பெயரைத் தனக்குத் தெரிந்த ஏதோ சொல்லாக மாற்றிவிடும். பாஸ்வேர்டை வாய்விட்டுச் சொல்வது எந்த விதத்திலும் சரியில்லை. மொழி அமைப்பும் முக்கியம். ஆங்கிலத்துக்கு அமைத்த டிவியிடம் தமிழ்ப் பெயரைத் தனியாகச் சொன்னால் அருகில் ஒலிக்கும் ஆங்கிலச் சொல்லாக எழுதிவிடும். கூகுளின் குரல்வழித் தட்டச்சு 2017 முதல் தமிழைப் புரிந்துகொள்கிறது, ஆனால் டிவியில் அது கிடைப்பது டிவியின் மொழி அமைப்பைப் பொறுத்தது. மொழியை மாற்ற விருப்பமில்லை என்றால், தனிப் பெயருக்குப் பதிலாகப் பெயரோடு நடிகர் பெயரையோ பாடகர் பெயரையோ சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்று சரியாக விழுந்தாலும் தேடல் பிடித்துக்கொள்ளும்.

இத்தனைக்கும் பிறகு ரிமோட்டால் அடித்தே ஆக வேண்டிய இடம் ஏதாவது மிஞ்சும். தேடலில் முழுப் பெயரையும் அடிக்காதீர்கள், மூன்று நான்கு எழுத்து வந்ததும் பக்கத்திலோ மேலேயோ வரும் பரிந்துரைகளைப் பாருங்கள். அம்புக்குறியை அழுத்திப் பிடித்தால் கர்சர் ஓடும், ஆனால் நடு எழுத்தில் நிறுத்துவது கடினம், தாண்டிப் போய்த் திரும்ப வர வேண்டியிருக்கும். ஓரத்துக்குப் போக மட்டும் பிடியுங்கள், அங்கே அது தானே நிற்கும். நிற்காமல் மறுபக்கத்துக்குத் தாவும் கீபோர்டுகளும் உண்டு. q மேல் நின்று இடது அம்பை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். p-க்குப் போனால், ஒன்பது நகர்வு தூரம் உங்களுக்கு ஒன்றாகிவிட்டது. ஸ்பேஸ், அழித்தல் கட்டங்களின் மேல் ரிமோட்டின் ஏதாவது பட்டன் சின்னம் சிறியதாக வரைந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். இருந்தால் கர்சர் எங்கே நின்றாலும் அந்தப் பட்டனை அழுத்தினாலே போதும்.

அடிக்கடி டைப் செய்ய வேண்டிய வீடு என்றால், அல்லது போனே வைத்துக்கொள்ளாத பெரியவர் ஒருவர் டிவியைப் பயன்படுத்துகிறார் என்றால், ஒரு யூஎஸ்பி கீபோர்டு வாங்கிச் செருகிவிடுங்கள். சிறு ரிசீவரோடு வரும் வயர்லெஸ் கீபோர்டும் டிவிக்கு யூஎஸ்பி கீபோர்டாகவே தெரியும், தனியாக இணைக்க வேண்டியதில்லை. நெட் இல்லாதபோதும் இது வேலை செய்யும், ஆகவே வைஃபை பாஸ்வேர்டையும் இதிலேயே அடிக்கலாம். பெரும்பாலான டிவிகளில் என்டர் என்பது ஓகே, எஸ்கேப் என்பது பின்செல்லும் பட்டன். தாமே எழுத்துக் கட்டம் வரைந்துகொள்ளும் செயலிகளில் சிலவற்றில் மட்டும் எழுத்துகள் விழாது, அம்புக்குறிகள்தான் நகரும். டிவியின் பின்னால் ‘service’ என்று எழுதியிருக்கும் யூஎஸ்பி துளையில் செருகிவிட்டு வேலை செய்யவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். அது பழுது பார்ப்பவர்களுக்கானது, பக்கத்தில் உள்ள இன்னொன்றில் செருகிப் பாருங்கள்.